பழைய லேப்டாப்பில் டிஸ்க் சுருக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

C டிரைவின் நீலப் பட்டை சிவப்பாக மாறியதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடுகிற, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் உள்ள லேப்டாப்புக்கு மட்டும்தான் இவை பொருந்தும்.

டிரைவ் ப்ராப்பர்ட்டீஸ்ல “Compress this drive to save disk space”னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கே, அது என்னதான் செய்யும்?

அந்த டிரைவில் இருக்கும் ஃபைல்களை விண்டோஸே சுருக்கி எழுதிக்கொள்ளும். ஜிப் போலத் தனியாக ஒரு ஃபைல் உருவாகாது. பெயரும் இருக்கும் இடமும் மாறாது. நீங்கள் திறக்கும்போது விண்டோஸ் அதை விரித்துக் கொடுத்துவிடும். வேர்டுக்கோ வீடியோ பிளேயருக்கோ நடுவில் ஏதோ நடந்தது என்பதே தெரியாது. 1995-இல் வந்த விண்டோஸ் என்டி 3.51 முதல் இந்த வசதி இருக்கிறது.

டிரைவ் முழுக்கத்தான் போட வேண்டும் என்றில்லை. ஒரு ஃபோல்டருக்கு மட்டும் போட அதன் Properties-இல் Advanced பொத்தானை அழுத்தினால் “Compress contents to save disk space” என்று வரும். நான் பயன்படுத்துவது இதைத்தான். C டிரைவ் முழுவதற்கும் டிக் போடாதீர்கள்; காரணங்கள் கீழே ஒவ்வொன்றாக வரும்.

அந்தக் காலத்துல டபுள்ஸ்பேஸ் போட்டு ஒருத்தர் எல்லா ஃபைலையும் தொலைச்சாராமே, அதே சமாச்சாரமா இது?

இல்லை. டபுள்ஸ்பேஸ் 1993-இல் எம்எஸ்-டாஸ் 6.0-உடன் வந்தது. அது டிரைவில் இருப்பதையெல்லாம் ஒரே பெரிய ஃபைலுக்குள் அடைத்து, அந்த ஃபைலையே ஒரு டிரைவ் போலக் காட்டியது. அந்த ஒரு ஃபைல் கெட்டால் உள்ளே இருந்த அனைத்தும் ஆட்டம் கண்டுவிடும். இன்று நாம் பேசுவதில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருங்குகிறது. டிஸ்கில் ஓர் இடம் பழுதானால் அங்கே இருக்கும் ஃபைல் பாதிக்கப்படும், அவ்வளவுதான்.

எவ்வளவு இடம் மிச்சமாகும்? பாதிக்குப் பாதி கிடைக்குமா?

நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போனில் எடுத்த படங்கள், எம்பி4 வீடியோ, எம்பி3 பாட்டு, ஜிப் எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. இவற்றில் பைசா பிரயோஜனம் இருக்காது. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நன்றாகச் சுருங்குபவை சாதாரண எழுத்து ஃபைல்கள், லாக், சிஎஸ்வி, பிஎம்பி படங்கள், புரோகிராம்களின் எக்ஸ்ஈ, டிஎல்எல் ஃபைல்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் ஒரு ஃபைலை 64 கேபி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சுருக்குகிறது. டிஸ்கில் இடம் 4 கேபி கட்டங்களாகத்தான் கிடைக்கும். ஆகவே ஒரு துண்டுக்கு 16 கட்டம். துண்டு 37 கேபிக்குச் சுருங்கினால் அதற்கு 10 கட்டம் தேவை, 6 கட்டம் மிச்சம். 61 கேபிக்குத்தான் சுருங்கியது என்றால் அப்போதும் 16 கட்டம்தான் வேண்டும். ஒரு கட்டம்கூட மிச்சமாகாததால் விண்டோஸ் அந்தத் துண்டைச் சுருக்காமலே வைத்துவிடும். கல்யாண ஆல்பம் இருக்கும் ஃபோல்டரைச் சுருக்கிவிட்டு “ஒண்ணுமே குறையலையே” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சுருக்கறதுக்கு முன்னாடியே எவ்வளவு குறையும்னு தெரிஞ்சுக்க முடியாதா?

சரியாகச் சொல்லும் கருவி எதுவும் விண்டோஸில் இல்லை. நான் செய்வது இது: அந்த ஃபோல்டரிலிருந்து பலவகை ஃபைல்களாக ஒரு 200 எம்பி அளவுக்கு வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்து, அதை மட்டும் சுருக்கிப் பார்ப்பேன். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டில் இப்படிக் கேட்பேன்:

```
compact /s:"D:\sodhanai" /q
```

கடைசியில் `The compression ratio is 1.7 to 1` என்பது போல ஒரு வரி வரும். 1.7 என்றால் 17 ஜிபி 10 ஜிபியாகும் என்று அர்த்தம். 1.1-க்குக் கீழே வந்தால் அந்த ஃபோல்டரை விட்டுவிடுங்கள். கமாண்ட் வேண்டாம் என்பவர்கள் Properties-இல் Size, Size on disk இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். Size எப்போதும் மாறாது. குறைவது Size on disk மட்டும்தான்.

டிக் போட்டா லேப்டாப் ஸ்லோவாயிடுமா?

படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். சுருக்கியதை விரிப்பது சுலபமான வேலை. பத்து வருஷப் பழைய ப்ராசஸர்கூட அதைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் செய்துவிடும். ஒருமுறை விரித்த ஃபைல் மெமரியில் விரிந்த நிலையிலேயே இருப்பதால், உடனே மறுபடி திறந்தால் கூடுதல் வேலையே கிடையாது.

எழுதுவதில்தான் இடிக்கிறது. ஒரு ஃபைலின் நடுவில் சில எழுத்துகளை மாற்றினாலும், அந்த 64 கேபி துண்டு முழுவதையும் விரித்து, திருத்தி, மறுபடி சுருக்க வேண்டும். முன்பு 37 கேபியாக இருந்த துண்டு இப்போது 42 கேபி ஆகிவிட்டால் பழைய 10 கட்டத்தில் அடங்காது. இன்னொரு கட்டத்தை வேறெங்காவது தேட வேண்டும். அடிக்கடி எழுதப்படும் ஃபைலுக்கு இது ஓயாத தலைவலி.

எங்கே அடைக்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ஃபைல் காப்பி ஆகும்போது Disk 100 சதவீதத்தில் நின்று CPU சும்மா இருந்தால் மெதுவாக இருப்பது டிஸ்க். Disk ஓய்வாக இருந்து, CPU ஏறி, System என்ற வரி மேலே வந்து நின்றால் சுருக்கும் வேலைதான் பிடித்து இழுக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கே ஸ்லோதானே, சுருக்கினா கம்மியா படிச்சா போதும், அதனால வேகம் கூடும்னு நண்பர் சொல்றார். சரியா?

பாதி சரி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 640 எம்பி ஃபைல் ஒன்று 400 எம்பியாகச் சுருங்குகிறது, பழைய 5400 ஆர்பிஎம் டிஸ்க் விநாடிக்கு 80 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுருக்காவிட்டால் 8 விநாடி, சுருக்கினால் 5 விநாடி. நண்பர் சொல்வது இந்த 3 விநாடி லாபம்.

ஆனால் அந்த ஃபைல் 64 கேபி வீதம் 10,240 துண்டுகள். முதலில் முழுதாக இருந்ததை அதே இடத்தில் சுருக்கும்போது ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் ஒரு சின்ன ஓட்டை விழுகிறது. பிறகு வரும் ஃபைல்கள் அந்த ஓட்டைகளில் சிதறிப் போய் உட்காரும். 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 11 மில்லிவிநாடி ஆகும். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கு இன்னொரு 12 மில்லிவிநாடி சேர்த்தால், ஒவ்வொரு தாவலுக்கும் சுமார் 17. நாலில் ஒரு துண்டுக்கு ஒரு தாவல் என்றாலே 2,560 தாவல், அதாவது 43 விநாடிக்கு மேல். 3 விநாடி லாபம் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

புதிதாக, காலியான டிஸ்கில், ஒரே மூச்சில் எழுதிய பெரிய எழுத்து ஃபைலுக்கு நண்பர் சொல்வது பலிக்கும். வருஷக்கணக்கில் நிரம்பித் ததும்பும் டிஸ்கில் பலிக்காது. நமக்கு இடப் பிரச்சினை வருவதே நிரம்பிய டிஸ்கில்தானே.

அப்போ டிஃப்ராக் ஓட்டிட்டா சரியாயிடுமா?

கொஞ்சம் உதவும். ஆனால் சுருக்கிய ஃபைலில் மறுபடி எழுத ஆரம்பித்ததும் மேலே சொன்ன சிதறல் மறுபடி தொடங்கிவிடும். 10 சதவீதம்கூடக் காலியில்லாத டிஸ்கில் டிஃப்ராக் ஓட்டுவது, நிரம்பிய பஸ்ஸில் எல்லோரையும் இடம் மாற்றி உட்காரச் சொல்வது போலத்தான்.

நான் எஸ்எஸ்டி போட்டுட்டேன், எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லையே?

தாவல் கவலை இல்லை. எஸ்எஸ்டியில் நகர வேண்டிய தலையே கிடையாது. ஆனால் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. டிஸ்க் வேகமாகிவிட்டதால் இப்போது விரிப்பதற்குப் பிடிக்கும் நேரம்தான் கண்ணுக்குத் தெரியும், அதுவும் இரண்டு கோர் ப்ராசஸரில். எழுதும்போது துண்டு முழுவதையும் திரும்ப எழுதும் செலவும் அப்படியே இருக்கிறது. 120 ஜிபி எஸ்எஸ்டியில் பழைய ஆவணங்களைச் சுருக்கி வைப்பதில் தப்பில்லை. தினமும் வேலை செய்யும் ஃபோல்டருக்கு வேண்டாம்.

காம்பாக்ட் ஓஎஸ்-னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு. காம்பாக்ட் ஓஎஸ் விண்டோஸ் 10-உடன் வந்தது. விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சுருக்குவதற்காகச் செய்தது. பழைய முறை படிக்கவும் எழுதவும் இரண்டுக்கும் ஆனது. இதுவோ படிப்பதை மட்டும் மனதில் வைத்துச் செய்தது. சுருக்கிய தரவு ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஒரே தொடராக இருக்கும், ஓட்டை விழாது. யாராவது அந்த ஃபைலில் எழுதப் போனால் விண்டோஸ் முழு ஃபைலையும் விரித்து, சாதாரண ஃபைலாக்கிவிடும். சுருக்கம் அத்தோடு போய்விடும்.

குறையாகத் தெரிந்தாலும் பழைய லேப்டாப்புக்கு இதுவே நல்லது. விண்டோஸ் ஃபைல்களும் புரோகிராம்களும் தினமும் படிக்கப்படுபவை, எழுதப்படுவதோ அப்டேட் வரும்போது மட்டும். சுமார் 2 ஜிபி கிடைக்கும். 500 ஜிபி டிஸ்கில் அது ஒன்றுமில்லை. 32 ஜிபி மட்டுமே உள்ள மலிவு லேப்டாப்பில் அப்டேட் இறங்குமா இறங்காதா என்பதையே அது தீர்மானித்துவிடும்.

சரி, அதை எப்படிப் போடறது?

கமாண்ட் ப்ராம்ப்டை வலது க்ளிக் செய்து Run as administrator கொடுத்துத் திறங்கள். முதல் வரி இப்போதைய நிலையைச் சொல்லும், இரண்டாவது சுருக்கும்:

```
compact /compactos:query
compact /compactos:always
```

மெதுவான லேப்டாப்பில் அரை மணி நேரமும் ஆகலாம். சார்ஜரைச் செருகிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை. இது விண்டோஸைத்தான் தொடும். நீங்கள் போட்ட புரோகிராம்களை இப்படித் தனியாகச் சுருக்கலாம்:

```
compact /c /s:"C:\Program Files\LibreOffice" /i /exe:xpress8k
```

`/i` என்பது பயன்பாட்டில் இருக்கும் ஃபைலைத் தாண்டிப் போகச் சொல்கிறது. அந்தப் புரோகிராமுக்கு அடுத்த வெர்ஷன் வந்தால் புது ஃபைல்கள் விரிந்த நிலையில்தான் வரும். அப்போது இதே வரியை மறுபடி ஓட்ட வேண்டும்.

xpress4k, 8k, 16k, lzx-னு நாலு இருக்கு. எதைப் போடணும்?

4k வேகமானது, குறைவாகச் சுருக்கும். lzx அதிகம் சுருக்கும், மெதுவானது. காரணம் எளிது: lzx 32 கேபி துண்டுகளாகச் சுருக்குகிறது. புரோகிராமுக்கு அதில் 4 கேபி மட்டும் வேண்டியிருந்தாலும் முழுத் துண்டையும் விரித்தாக வேண்டும். பழைய இரண்டு கோர் லேப்டாப்பில் நான் 8k-க்கு மேல் போவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் விளையாட்டு, அகராதி மாதிரி ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் lzx.

ஒரு நிஜ உதாரணம் சொல்லுங்களேன், மொத்தமா எவ்வளவு தேறும்?

அத்தை மகனின் லேப்டாப். 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 111 ஜிபி என்று காட்டும், காலியாக இருந்தது 6 ஜிபி. டிரைவ் முழுக்க டிக் போடச் சொல்லித்தான் கேட்டான். திறந்து பார்த்தால் போன் படங்களும் வீடியோவும் மட்டும் 50 ஜிபிக்கு மேல். டிக் போட்டிருந்தால் அவற்றில் ஒவ்வொரு துண்டையும் சுருக்க முயன்று, முடியாமல் விட்டுவிட மணிக்கணக்கில் ஓடியிருக்கும்.

காம்பாக்ட் ஓஎஸ் போட்டதில் 2 ஜிபி சொச்சம். அவன் படிப்பு ப்ராஜெக்டுக்காக இறக்கி வைத்திருந்த 9 ஜிபி சிஎஸ்வி ஃபோல்டரை மட்டும் பழைய முறையில் சுருக்கினோம். பாதிக்கும் கீழே வந்தது. அப்புறம், சுருக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று: ஹைபர்னேட்டை அவன் பயன்படுத்துவதே இல்லை. `powercfg /h off` கொடுத்ததும் ரேமில் 40 சதவீத அளவுள்ள ஃபைல், அதாவது 1.6 ஜிபி, போய்விட்டது. இது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் சேர்த்து நிறுத்திவிடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மொத்தத்தில் 8 ஜிபிக்கு மேல் தேறியது, வேகத்தில் வித்தியாசம் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. படங்களை வெளி டிஸ்குக்கு மாற்றியதுதான் அதைவிடப் பெரிய லாபம்.

எதையெல்லாம் தொடவே கூடாது?

நாள் முழுக்க எழுதப்படும் எல்லாமும். கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக்கின் பிஎஸ்டி, விர்ச்சுவல் மெஷின் டிஸ்க், எந்த டேட்டாபேஸும். வேகம் கெடுவது ஒரு பக்கம். மிகப் பெரிய ஃபைல் ஒன்று சுருங்கி லட்சக்கணக்கான துண்டுகளாகச் சிதறினால், துண்டுகளின் பட்டியலை வைத்துக்கொள்ளவே என்டிஎஃப்எஸ்ஸில் இடமில்லாமல் போய் எழுதுவது நின்றுவிடும். அப்போது “file system limitation” என்று ஒரு பிழை வரும். டிஸ்கில் இடமிருந்தும் சேவ் ஆகவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

அவசரப்பட்டு C டிரைவ் முழுக்க டிக் போட்டுட்டேன். இப்போ “BOOTMGR is compressed”னு வந்து நிக்குது!

நானும் ஒருமுறை இதே இடத்தில் நின்றிருக்கிறேன், அதுவும் இன்னொருவர் லேப்டாப்பில். பழைய பயாஸ் முறையில், தனி பூட் பார்ட்டிஷன் இல்லாமல் விண்டோஸ் போட்டிருந்தால் `bootmgr` ஃபைல் C-யிலேயே இருக்கும். லேப்டாப் ஆன் ஆகும் நேரத்தில் ஓடும் சின்ன நிரலுக்குச் சுருக்கத்தை விரிக்கத் தெரியாது. யூஇஎஃப்ஐ லேப்டாப்பில் பூட் ஃபைல்கள் தனியாக ஃபேட்32 பார்ட்டிஷனில் இருப்பதால் இந்த வம்பு வராது.

உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, Repair your computer வழியாக Startup Repair ஓட்டுங்கள். அது கேட்காவிட்டால் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் வெளி டிஸ்காகச் செருகி, டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

சுருக்கின ஃபைலை பென் டிரைவ்ல போட்டா அங்கயும் சின்னதாத்தான் இருக்குமா?

இருக்காது. விரித்த நிலையில்தான் போகும், மெயிலில் இணைத்தாலும் அப்படியே. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் பழைய நிலையோடு போகும். நகல் எடுத்தால் போய்ச் சேரும் ஃபோல்டரின் நிலையை எடுத்துக்கொள்ளும். சுருக்கிய ஃபோல்டருக்குள் மூவ் செய்த ஃபைல் ஏன் சுருங்கவில்லை என்று கேட்டீர்களானால், காரணம் இதுதான்.

10 ஜிபி காலி இருக்கு. 12 ஜிபி லாக் ஃபைல் சுருங்கினா 5 ஜிபிதான் வரும். ஆனா காப்பி பண்ணவே விடமாட்டேங்குது, ஏன்?

எவ்வளவு சுருங்கும் என்பது எழுதி முடிக்கும்வரை விண்டோஸுக்குத் தெரியாது. அதனால் முழு 12 ஜிபிக்கும் முதலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஃபைலைச் சில பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள்.

விண்டோஸ் 7 இருக்கற இன்னொரு லேப்டாப்ல, இல்ல லினக்ஸ்ல, இந்த டிஸ்கைப் போட்டா திறக்குமா?

டிக் பாக்ஸ் முறையில் சுருக்கியவை இரண்டிலும் திறக்கும். காம்பாக்ட் ஓஎஸ் முறையிலும் `/exe` போட்டும் சுருக்கியவை விண்டோஸ் 7-இல் திறக்காது. லினக்ஸில் என்டிஎஃப்எஸ்-3ஜி பயன்படுத்தினால் அதற்கென உள்ள கூடுதல் ப்ளகின் வேண்டும். ஆகவே சொந்த ஆவணங்களுக்கு `/exe` போடாதீர்கள். லேப்டாப் படுத்துவிட்டால் டிஸ்கைக் கழற்றிப் படிக்க வேண்டிய நாள் வரும்.

எல்லாத்தையும் பழையபடி மாத்த முடியுமா?

முடியும், ஆனால் விரிவதற்கு இடம் வேண்டும். 9 ஜிபி ஃபோல்டர் 4 ஜிபியாகச் சுருங்கியிருந்தால் குறைந்தது 5 ஜிபி காலி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நிற்கும்; அப்போதும் ஃபைல் கெடாது, சில விரிந்தும் சில சுருங்கியும் இருக்கும்.

```
compact /u /s:"D:\Pazhaiyavai" /i
compact /u /s:"C:\Program Files\LibreOffice" /i /exe:xpress8k
compact /compactos:never
```

முதல் வரி டிக் பாக்ஸ் முறைக்கு, இரண்டாவது `/exe` போட்டவற்றுக்கு, மூன்றாவது விண்டோஸுக்கு. எந்த ஃபோல்டரை எந்த முறையில் சுருக்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிக் பாக்ஸ் முறையில் சுருக்கியவற்றின் ஐகான்மேல் இரண்டு நீல அம்புகள் தெரியும். `/exe` போட்டவற்றில் அப்படி எந்த அடையாளமும் இருக்காது.